லப் வலது பக்கம், டப் இடது பக்கமா? பத்தாம் வகுப்பு இதயப் படத்தில் ஒரு சிக்கல்

சாக்பீஸ்தூள், ஜூலை 7, இரவு 9.20

பத்தாம் வகுப்பு அறிவியல் எடுக்கிறேன். இதயத்தின் உள்ளமைப்புப் படம் போட்டுப் பாகங்கள் குறித்தாயிற்று. இரத்தம் போகும் வழிக்கு அம்புக்குறி போட்டு ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணும் கொடுத்தாயிற்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறார்கள்: பெருஞ்சிரை, வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல் சிரை, இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி.

இன்று பாடத்துக்கு வெளியே ஒரு கேள்வி கேட்டு எழுதச் சொன்னேன். லப் டப் என்று இரண்டு சத்தம் ஏன் வருகிறது? 42 பேரில் 17 பேர் எழுதியது இதுதான்: வலது பக்கம் துடித்தால் லப், இடது பக்கம் துடித்தால் டப். அதில் முதல் ரேங்க் வாங்குகிற பெண்ணும் ஒருத்தி. ஏன் அப்படி எழுதினாய் என்றேன். "நுரையீரல் தமனி நாலு, பெருந்தமனி எட்டு. நாலு முடிந்துதானே மிஸ் எட்டு வரும்?"

எண் போட்டது நான்தான். இதை எப்படிச் சரிசெய்வது?

பழையபடி, ஜூலை 7, இரவு 10.05

31 வருடம் உயிரியல் எடுத்து ஓய்வு பெற்றவன். இந்தக் குழப்பமெல்லாம் புதிய கலைச்சொற்களால் வந்தது. நாங்கள் அசுத்த இரத்தம், சுத்த இரத்தம் என்று சொல்லிக்கொடுத்தோம். அசுத்தம் வலது, சுத்தம் இடது. பையன்கள் மறக்கவே மாட்டார்கள். லப் என்பது ஆரிக்கிள்கள் சுருங்கும் சத்தம், டப் என்பது வெண்ட்ரிக்கிள்கள் சுருங்கும் சத்தம் என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள்.

எக்கோ_அறை, ஜூலை 7, இரவு 11.30

பழையபடி ஐயா சொன்னதில் பாதி சரி. இரண்டு ஆரிக்கிளும் சேர்ந்து சுருங்கும், பிறகு இரண்டு வெண்ட்ரிக்கிளும் சேர்ந்து சுருங்கும். ஆனால் சத்தம் அதனால் வருவதில்லை. கதவு மூடுவதால் வருகிறது. வெண்ட்ரிக்கிள்கள் சுருங்கத் தொடங்கியதும் மூவிதழ் வால்வும் ஈரிதழ் வால்வும் சாத்திக்கொள்கின்றன, அது லப். வெண்ட்ரிக்கிள்கள் தளரும்போது தமனிகளின் வாயில் இருக்கும் இரண்டு அரைச்சந்திர வால்வுகளும் சாத்திக்கொள்கின்றன, அது டப். ஆக லப்புக்கும் டப்புக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளிதான் இரத்தம் வெளியே போகும் நேரம். டப்புக்கு அப்புறம் அடுத்த லப் வரை உள்ள நீண்ட இடைவெளி நிரம்பும் நேரம்.

தினமும் முப்பது பேருக்கு எக்கோ எடுப்பதைக் கூட இருந்து பார்க்கிறேன். திரையில் நாலும் எட்டும் ஒரே துடிப்பில்தான் நடக்கின்றன, மேடம். உங்கள் மாணவி வரிசையைப் புரிந்துகொண்டது தப்பில்லை. ஆனால் அது ஒரு சொட்டு இரத்தத்தின் வரிசை. அதை இதயத்தின் வரிசையாக எடுத்துக்கொண்டாள்.

சாக்பீஸ்தூள், ஜூலை 8, காலை 6.15

ஒரு சொட்டின் வரிசை, இதயத்தின் வரிசை. இது இரண்டும் வேறு என்று நான் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கே தெளிவாக இருந்ததா என்பதும் சந்தேகம்தான்.

கூட்டல்கழித்தல், ஜூலை 8, காலை 7.40

நான் கணக்கு. இதயம் பற்றி ஒன்றும் தெரியாது. ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியேறுகிறது? நுரையீரலில் எவ்வளவு இரத்தம் நிற்கிறது?

எக்கோ_அறை, ஜூலை 8, மதியம் 1.10

ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு ஒவ்வொரு வெண்ட்ரிக்கிளும் துடிப்புக்குச் சுமார் 70 மி.லி. தள்ளும். நுரையீரல் குழாய்களில் ஏறக்குறைய அரை லிட்டர் இருக்கும்.

கூட்டல்கழித்தல், ஜூலை 8, மதியம் 1.25

500 வகுத்தல் 70, ஏழு. அப்படியானால் இப்போது நான்காம் எண்ணில் வெளியேறிய சொட்டு, ஏறக்குறைய ஏழு துடிப்புக்குப் பிறகுதான் இடது பக்கம் வந்து சேர்கிறது. அந்த ஏழு துடிப்பிலும் எட்டாம் எண் சும்மா இல்லை, முன்னால் போன இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

கோயில் தரிசன வரிசை மாதிரி. முன்வாசலில் பத்துப் பேரை உள்ளே விடும்போதே பின்வாசலில் பத்துப் பேர் வெளியே வருகிறார்கள். அதே பத்துப் பேர் இல்லை. உங்கள் பிள்ளைகள் கோயிலில் ஒரே ஒரு பக்தர்தான் இருக்கிறார் என்று நினைக்கிறார்கள்.

சாக்பீஸ்தூள், ஜூலை 8, இரவு 8.50

தரிசன வரிசையை இன்று அப்படியே சொன்னேன். சிரித்தார்கள், புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் நோட்டை வாங்கிப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. படத்தில் நுரையீரலே இல்லை! இதயம் மட்டும்தான். அம்பு மேலே நுரையீரல் தமனி வழியாகப் படத்தை விட்டு வெளியேறுகிறது, பிறகு எங்கிருந்தோ பக்கவாட்டில் நுரையீரல் சிரை வழியாக உள்ளே வருகிறது. நடுவில் என்ன நடந்தது என்று படம் சொல்லவில்லை. பெருந்தமனியிலிருந்து பெருஞ்சிரைக்குப் போகும் இடத்திலும் அப்படியே.

இந்தப் பள்ளத்தை நிரப்ப ஆறு பேர் தாங்களாகவே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நடுச்சுவர் வழியாக வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து இடது வெண்ட்ரிக்கிளுக்கு ஒரு அம்பு.

நீட்_இரண்டாம்முறை, ஜூலை 8, இரவு 9.30

அக்கா, அந்த ஆறு பேரும் பழங்காலக் கிரேக்க மருத்துவர் கேலன் கட்சி. நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக இரத்தம் கசிகிறது என்றுதான் அவர் சொன்னார். ஆயிரம் வருடத்துக்கு மேல் ஐரோப்பாவில் அதைத்தான் நம்பினார்கள். 13ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-நஃபீஸ் என்ற அரபு மருத்துவர், சுவர் கெட்டியானது, துளை இல்லை, நுரையீரல் வழியாகத்தான் போக வேண்டும் என்று எழுதினார். 1628இல் ஹார்வி வந்து, இரத்தம் சுற்றித்தான் வர வேண்டும் என்று அளவு கணக்குப் போட்டுக் காட்டினார். அவராலும் தமனியும் சிரையும் சேரும் இடத்தைப் பார்க்க முடியவில்லை. 1661இல் மால்பிஜி தவளையின் நுரையீரலில் நுண்குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தார். உங்கள் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம், வரலாற்றில் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான் :)

தேன்மிட்டாய்_அம்மா, ஜூலை 9, காலை 10.15

நடுச்சுவரில் துளை என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். என் மகனுக்குப் பிறந்ததிலிருந்து இதயத்தில் ஓட்டை இருந்தது, கீழறைகளுக்கு நடுவில். மூன்று வயதில் அறுவை சிகிச்சை செய்து அடைத்தார்கள். இப்போது நன்றாக ஓடியாடுகிறான். அவனுடைய பள்ளியில் "ஓட்டை இருந்தால் கெட்ட இரத்தம் நல்ல இரத்தத்தோடு கலந்து குழந்தை நீலமாகிவிடும்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் மகன் நீலமாக ஆனதே இல்லை. அம்மா நீ பொய் சொல்கிறாய், எனக்கு ஓட்டையே இல்லை என்கிறான். யார் சொல்வது சரி?

எக்கோ_அறை, ஜூலை 9, மதியம் 2.00

உங்கள் மகன் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி அம்மா. தழும்பைக் காட்டுங்கள், நம்புவான்.

இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது அழுத்தம் சுமார் 120 போகும். வலதில் 25 அளவுதான். ஓட்டை இருந்தால் இரத்தம் அழுத்தம் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குத்தான் பாயும், அதாவது இடமிருந்து வலம். ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் திரும்பவும் நுரையீரலுக்கே ஒரு சுற்று வீணாகப் போகிறது. உடம்புக்குப் போவது சிவப்பாகவே இருக்கும். அதனால் குழந்தை நீலமாகாது. பால் குடிக்கும்போது மூச்சு வாங்கும், எடை ஏறாது. ஓட்டையோடு சேர்ந்து நுரையீரலுக்குப் போகும் வழியும் குறுகலாக இருந்தால் வலது பக்க அழுத்தம் ஏறி ஓட்டம் திரும்பும், அந்தக் குழந்தைகள்தான் நீலமாகிறார்கள். பெரிய ஓட்டையை அடைக்காமல் பல வருடம் விட்டாலும் அந்த நிலை வரலாம்.

தேன்மிட்டாய்_அம்மா, ஜூலை 9, மதியம் 2.20

பால் குடிக்கும்போது வியர்த்துக் கொட்டும். எடை ஏறவே இல்லை. நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி சொல்கிறீர்கள்.

சாக்பீஸ்தூள், ஜூலை 9, இரவு 9.00

நானும் இத்தனை வருடமாக ஓட்டை என்றால் நீலம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளி என் பள்ளியாக இல்லாமல் இருக்க வேண்டும்.

பழையபடி ஐயா, சுத்தம் அசுத்தம் பற்றி ஒரு வார்த்தை. இன்று ஒரு பையன், "சிறுநீரகமும் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று முந்தின பாடத்தில் படித்தோம். அங்கிருந்து வெளியே வரும் இரத்தம் சுத்தமா அசுத்தமா?" என்று கேட்டான். சிறுநீரகச் சிரையில் யூரியா குறைவு, ஆக்சிஜனும் தமனியில் இருந்ததைவிடக் குறைவு. ஒரு கணக்கில் சுத்தம், இன்னொரு கணக்கில் அசுத்தம். அதனால் ஆக்சிஜன் மிகுந்த, ஆக்சிஜன் குறைந்த என்றே சொல்கிறேன். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

பழையபடி, ஜூலை 9, இரவு 9.45

நல்ல பையன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீலக் கலர் பென்சிலை விட மாட்டேன். சிரை இரத்தம் நீலம்தான், கையைத் திருப்பிப் பாருங்கள்.

எக்கோ_அறை, ஜூலை 9, இரவு 10.30

கையில் ஊசி போட்டு எடுப்பது சிரை இரத்தம்தான் ஐயா. சிரிஞ்சில் என்ன நிறம் வருகிறது? கருஞ்சிவப்பு. ஓய்வாக இருக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்திலும் ஹீமோகுளோபினில் முக்கால்வாசி ஆக்சிஜனோடுதான் இருக்கும். நீலம் படத்துக்கு மட்டும். தோல் வழியாகப் பார்ப்பதால் குழாய் நீலமாகத் தெரிகிறது.

சாக்பீஸ்தூள், ஜூலை 12, மாலை 6.30

விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் நாலு அறை போட்டேன். பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் நுரையீரல், தூரத்தில் பெரிய வட்டம் உடம்பு. 30 பேர் இரத்தம். முதலில் வழக்கமான தப்பு செய்தேன். ஒருவனை மட்டும் நடக்கவிட்டேன், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அதே ஒற்றைப் பக்தர் கோயில். கூட்டல்கழித்தல் சார் நினைவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, முப்பது பேரையும் எல்லா அறையிலும் வட்டத்திலும் பரப்பி நிற்கவைத்தேன்.

ஒரு விசில் அடித்தால் இரண்டு ஆரிக்கிளிலிருந்தும் இரண்டிரண்டு பேர் கீழே இறங்க வேண்டும். அடுத்த விசிலுக்கு உள் கதவு மூடும், வெளிக் கதவு திறக்கும், இரண்டு வெண்ட்ரிக்கிளிலிருந்தும் இரண்டிரண்டு பேர் வெளியே. வட்டத்தில் இருப்பவர்கள் அந்தந்த ஆரிக்கிளுக்கு நகர வேண்டும். கதவுக்கு ஆள் போட்டேன்.

எட்டாவது சுற்றில் ஒரே கூச்சல். நுரையீரல் வட்டத்திலும் அதை ஒட்டிய இடது ஆரிக்கிளிலும் கூட்டம் நெரிகிறது, கோட்டைத் தாண்டி நிற்கிறார்கள். பெருந்தமனிக் கதவில் நின்ற பையன் தன் நண்பனை வெறுப்பேற்றுவதற்காகச் சுற்றுக்கு ஒருவரை மட்டும் விட்டிருக்கிறான்! வலது பக்கம் இரண்டிரண்டாக அனுப்பிக்கொண்டே இருந்தது. எட்டுச் சுற்றுக்கு எட்டுப் பேர் கூடுதலாக அங்கே மாட்டிக்கொண்டார்கள். திட்டப்போனேன். முதல் ரேங்க் பெண் முந்திக்கொண்டாள்: "மிஸ், அப்போ ரெண்டு பக்கமும் சமமா அனுப்பணும். சமமா அனுப்பணும்னா சேர்ந்துதான் அனுப்பணும்."

இரண்டாவது வரி முதல் வரியிலிருந்து அப்படியே வராது என்று எனக்குத் தோன்றியது. மாறி மாறி அனுப்பினாலும் சமமாக அனுப்பலாமே. ஆனால் அந்த நேரத்தில் சொல்ல மனம் வரவில்லை.

கூட்டல்கழித்தல், ஜூலை 12, மாலை 7.10

உங்களுக்குத் தோன்றியது சரி. சமம் என்பதிலிருந்து ஒரே நேரம் என்பது வராது. அது தனிச் செய்தி, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் சமம் என்பது எவ்வளவு கறாரான சமம் என்று கணக்குப் போட்டேன். வலது பக்கம் துடிப்புக்கு ஒரே ஒரு மி.லி. கூடுதலாக அனுப்புகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 75 துடிப்பு, 75 மி.லி. ஒரு மணி நேரத்தில் 4,500 மி.லி. உடம்பில் மொத்தமே ஐந்து லிட்டர்தான் என்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லா இரத்தமும் நுரையீரலில். யார் இவ்வளவு துல்லியமாக அளந்து ஊற்றுகிறார்கள்?

எக்கோ_அறை, ஜூலை 12, இரவு 11.15

யாரும் அளப்பதில்லை. இதயத் தசைக்கே ஒரு குணம் உண்டு. அதிக இரத்தம் வந்து தசை இழுபட்டால் அடுத்த துடிப்பில் அதிக வலுவாகச் சுருங்கும். வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாக அனுப்பினால், சில துடிப்பில் அது இடது பக்கம் வந்து சேர்ந்து, இடது பக்கமும் கூடுதலாகத் தள்ளும். துடிப்புக்குத் துடிப்பு ஏற்ற இறக்கம் இருந்தாலும் சராசரியில் சமமாகிவிடும்.

இடது வெண்ட்ரிக்கிள் பலவீனமானால் இந்தச் சமாளிப்பு ஒரு அளவுக்கு மேல் நடக்காது. மேடம், உங்கள் பெருந்தமனிக் கதவுப் பையன் நடத்திக்காட்டியது அதைத்தான். நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசியும். படுத்தால் மூச்சு முட்டும், இரவில் எழுந்து உட்காருவார்கள், இரண்டு மூன்று தலையணை வைத்துத் தூங்குவார்கள். இதய நோய்க்கு ஏன் நுரையீரலில் நீர் கோர்க்கிறது என்று வீட்டு ஆட்கள் எங்களிடம் கேட்பார்கள். இனிமேல் உங்கள் மைதானக் கதையைச் சொல்கிறேன்.

கறிக்கடை_வாரிசு, ஜூலை 13, காலை 5.50

படத்தை விடுங்க மிஸ், ஆட்டு இதயம் வாங்குங்க. எங்க கடையில வந்து இதயம்னு மட்டும் கேட்டா குழாயெல்லாம் அறுத்துட்டு, இரத்தம் போக நடுவுல கீறித்தான் கொடுப்போம். அதை வச்சுப் பாடம் எடுக்க முடியாது. முந்தின நாளே சொல்லணும், குழாயோட, கீறாம வேணும்னு. கழுவுறப்ப உள்ள உறைஞ்ச இரத்தத்தை விரலால எடுத்துடணும், இல்லேன்னா தண்ணி ஊத்தினா போகாது.

சாக்பீஸ்தூள், ஜூலை 15, இரவு 8.20

தம்பி சொன்னபடி சொல்லிவைத்து வாங்கினேன். பத்துப் பேர் குழுவாக வந்து பார்த்தார்கள், கறி சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் இருவர் தள்ளி நின்று குறிப்பெடுத்தார்கள்.

முதலில் கிள்ளிப்பார்க்கச் சொன்னேன். ஒரு பக்கம் தளதளவென்று அமுங்குகிறது, இன்னொரு பக்கம் கல் மாதிரி. கல் மாதிரி இருப்பது இடது வெண்ட்ரிக்கிள், கூர்முனையும் அதனுடையதே. படத்தில் இடது எது என்று வருடாவருடம் நடக்கிற சண்டை இங்கே வரவில்லை, விரலே சொல்லிவிடுகிறது. அப்புறம் படத்தைப் பிடித்து, இது உன் எதிரில் நிற்கிறவனுடைய இதயம், அவன் இடது கை உன் வலப்பக்கம் என்றேன்.

அடுத்ததுதான் எனக்கே புதிது. முன்பக்கம் தெரியும் பெரிய குழாய் இடப்பக்கமாகச் சாய்ந்து மேலே போகிறது. பார்த்தால் இடது வெண்ட்ரிக்கிளிலிருந்து கிளம்புகிற மாதிரியே இருக்கிறது. விரலை உள்ளே விட்டால் தளதள பக்கத்துக்குள் இறங்குகிறது! அதுதான் நுரையீரல் தமனி. பெருந்தமனி அதற்குப் பின்னால் மறைந்து நடுவிலிருந்து கிளம்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு இடம் மாறுகின்றன. தட்டையான படத்தில் அந்தச் சுற்றல் தெரியாது. இடது வெண்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரல் தமனிக்கு அம்பு போட்டவர்களை எத்தனை வருடம் கவனக்குறைவு என்று எழுதித் திருப்பியிருக்கிறேன்.

பெருந்தமனியை வாயருகே வெட்டி மேலிருந்து தண்ணீர் ஊற்றினோம். மூன்று சின்னக் கிண்ணங்கள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, தண்ணீர் நின்றது. முதல் முறை ஒழுகிப்போனது, உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவியபோது பென்சிலால் இதழைக் கிழித்திருக்கிறோம். இரண்டாவது இதயத்தில்தான் சரியாக வந்தது.

பழையபடி, ஜூலை 15, இரவு 9.10

ஆரிக்கிள் சுருங்கினால்தான் இரத்தம் கீழே இறங்கும் என்றுதானே உங்கள் விசில் விளையாட்டில் வைத்தீர்கள்? சரிதானே?

எக்கோ_அறை, ஜூலை 15, இரவு 10.40

முழுக்கச் சரியில்லை ஐயா. வெண்ட்ரிக்கிள் தளர்ந்ததும் வால்வு திறந்து இரத்தம் தானாகவே இறங்கும். பெரும்பகுதி அப்படித்தான் வருகிறது. ஆரிக்கிள் கடைசியில் சுருங்கி மீதியைத் தள்ளிவிடுகிறது. ஆரிக்கிள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நோயாளிகள் நடந்து வந்து எக்கோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். பத்தாம் வகுப்புக்கு இது வேண்டுமா என்பதை மேடம் முடிவு செய்யட்டும்.

சாக்பீஸ்தூள், ஜூலை 15, இரவு 11.00

வேண்டாம் என்று நினைக்கிறேன். அல்லது விசில் அடிக்கும் முன்பே இருவரில் ஒருவர் இறங்கிவிடலாம் என்று விதியை மாற்றலாம். தெரியவில்லை.

நீட்_இரண்டாம்முறை, ஜூலை 16, இரவு 12.20

அக்கா, ஒரு சின்ன விஷயம். இரண்டு பக்கமும் சேர்ந்து என்பது ஏறக்குறைய சேர்ந்துதான். மூச்சை உள்ளே இழுக்கும்போது நுரையீரல் தமனியின் வால்வு, பெருந்தமனியின் வால்வைவிடக் கொஞ்சம் தாமதமாக மூடும். டப் இரண்டாகப் பிரிந்து கேட்கும்.

எக்கோ_அறை, ஜூலை 16, காலை 7.00

உண்மை. சில நூறில் ஒரு பங்கு விநாடிதான். குழந்தைகளிடம் நன்றாகக் கேட்கும். அதுவும் இடதுதான் முதலில் மூடுகிறது, வலது பிறகு.

சாக்பீஸ்தூள், ஆகஸ்ட் 21, இரவு 9.30

இடைத்தேர்வு முடிந்தது. இந்த முறை படத்தில் எண்களை எடுத்துவிட்டு, நுரையீரலுக்கும் உடம்புக்கும் இரண்டு பெட்டி போட்டு அம்பு மட்டும் வரையச் சொன்னேன். நடுச்சுவரைத் துளைத்த அம்பு ஒன்றுகூட இல்லை. எண் இல்லாமல் சொல்லிக்கொடுத்தால் பொதுத்தேர்வில் திணறுவார்கள் என்று உடன் வேலை செய்பவர் சொல்கிறார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

லப் டப் கேள்வியைத் திரும்பவும் கேட்டேன். வலது லப், இடது டப் என்று எழுதியவர்கள் 17லிருந்து நாலாகக் குறைந்தார்கள். நாலாவது தாளை முதலில் தப்பு போட்டுவிட்டுத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஸ்டெதாஸ்கோப்பைத் தம்பி நெஞ்சில் வைத்துக் கேட்டாளாம். "அவன் மூச்சு இழுத்தால் டப் மட்டும் ரெண்டாகக் கேட்கிறது, அதனால் அதில் ஒன்று வலது, ஒன்று இடது" என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். மற்ற மூவரிடம் இன்னும் பேசவில்லை.